ஆற்றோடு போன குடை

[ ஒரு மழைநாள். ]

ஸுஹைனாவுக்குத் தண்ணீரென்றால் பயம். ஏறாவூரில், ஆற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனாலும் முழங்காலுக்கு மேல் நனைய ஒருநாளும் ஆற்றில் இறங்கியதில்லை. மட்டக்களப்பு வாவியை எங்கள் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றின் நடுவில் தன் புருஷனைத் தோணியில் ஏற்றி ஒரு படம் பிடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புருஷன் றுஸ்திக்குக் காது கேளாது. நாலு வயதில் வந்த காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. வாய்ப்பேச்சும் வரவில்லை. செவிப்புலனற்றோர் பாடசாலையில் படித்ததால் எழுத்து நன்றாகத் தெரியும். தையற்கடை வைத்திருக்கிறான். ஒரு கல்யாண வீட்டில் அவன் கையாலும் முகத்தாலும் ஒரு சண்டைக்காரக் கிழவனை நடித்துக்காட்ட, பந்தலே உருண்டு சிரித்தது. அங்கே வீடியோ எடுக்க வந்திருந்த பெரியகல்லாற்றுப் பொடியன் நிலோஜன் அதைப் பார்த்துவிட்டான். மறுநாளே வீடு தேடி வந்தான்.

“அக்கா, ஒரு குறும்படப் போட்டி இருக்கு. நான் பேச்சில்லாத படம் ஒண்டு எடுக்கப்போறன். அந்தக் காலத்துல எடுத்த மாதிரி. கறுப்பு வெள்ளை. பேச்சுக்குப் பதிலா இடையில எழுத்துப் பலகை வரும். றுஸ்தி அண்ணன்தான் கதாநாயகன்.”

கதை சின்னது. மனைவியின் குடையோடு கடைக்குப் போகிற ஒருவன் அதைத் தேநீர்க்கடையில் மறந்துவிடுகிறான். திரும்பி வந்தால் குடை இல்லை. ஊரெல்லாம் தேடுகிறான். கடைசியில் பார்த்தால் குடை காற்றோடு ஆற்றில் போகிறது. தோணியில் துரத்திப்போய் எடுத்து, கரையில் நிற்கும் மனைவிக்குத் தூக்கிக் காட்டுகிறான். அவ்வளவுதான்.

றுஸ்தி கண் மின்ன மின்னக் கேட்டான். கேட்டான் என்றால், ஸுஹைனாவின் கையைப் பார்த்தான். அவள்தான் அவனுக்கு நிலோஜனின் பேச்சைக் கையால் சொன்னவள். “ஆற்றில் தோணி” என்று சொல்லும்போது மட்டும் அவள் கை கொஞ்சம் பிந்தியது.

[ “குடை கவனம்!” ]

பலகை எழுதும் வேலையும் அவளிடமே வந்தது. பாலர் பாடசாலை ஆசிரியை அவள். சுவரில் எழுதினால் அச்சடித்ததுபோலிருக்கும்.

அது எழுதத் தெரிந்தால் மட்டும் போதாத வேலை என்று நிலோஜனோடு இருந்த இரண்டு கிழமையில் தெரிந்துகொண்டாள். நாலடிக்கு மூன்றடி ஹார்ட்போர்ட் பலகை. அதற்கு மினுக்கமில்லாத கறுப்புப் பூச்சு, மேலே வெள்ளைப் போஸ்டர் கலரில் எழுத்து. வெள்ளையில் கறுப்பாக எழுதினால் இருட்டறையில் பார்ப்பவர் கண் கூசும். கறுப்பு மினுங்கினால் விளக்கு அதில் விழுந்து எழுத்தைத் தின்றுவிடும். அதனால்தான் பலகையைப் படம்பிடிக்கும்போது விளக்கு இரண்டையும் நேரே வைக்காமல் இடமும் வலமுமாகச் சாய்த்து வைத்தான்.

“முகம் சொல்லுறத பலகை சொல்லப்படாது அக்கா. அவர் அழுதா அழுகை தெரியும். ‘அழுதான்’ எண்டு எழுதத் தேவல்ல. முகத்தால சொல்ல ஏலாததுக்கு மட்டுந்தான் எழுத்து. அதுவும் ரெண்டு சொல், மூணு சொல்.”

“எவ்வளவு நேரம் காட்டுவீங்க?”

“ஆறுதலா ரெண்டு தரம் வாசிக்கிற நேரம். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்கும் ஒருதரம் முடியோணும்.”

கதை சொல்லும் பலகை ஒரு வகை, ஆள் பேசுகிற பலகை இன்னொரு வகை. பேச்சுப் பலகைக்கு மேற்கோள் குறி போடவேண்டும். நடிப்பவன் முதலில் வாயைத் திறந்து பேசத் தொடங்குவான். பாதியில் வெட்டிப் பலகையைக் காட்டுவார்கள். பிறகு திரும்ப அவன் முகம், பேசி முடித்து வாய் மூடுகிறது. அப்போதுதான் அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்ததாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். றுஸ்திக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. “எல்லாரும் இப்பதான் என்னைப்போல பேசப் போறாங்க,” என்று கையால் சொல்லிச் சிரித்தான்.

குடைக்கும் ஒரு பாடு பட்டார்கள். முதலில் ஸுஹைனாவின் சிவப்புக் குடையைத்தான் எடுத்தான் நிலோஜன். கறுப்பு வெள்ளையில் பார்த்தால் சிவப்பும் ஆற்றுத் தண்ணீரும் ஒரே சாம்பல். குடை எங்கே என்றே தெரியவில்லை. ஆகவே வளைந்த பிடியுள்ள பெரிய கறுப்புக் குடை ஒன்றை எடுத்து, விளிம்பு நெடுக வெள்ளைத் துணி வைத்துத் தைத்தான் றுஸ்தி. தண்ணீரில் மல்லாக்கப் போட்டால் அது கிண்ணம்போல மிதந்தது. காற்று உள்ளே நுழைந்து அதைத் தள்ளியது.

[ குடையைக் காணவில்லை. ]

மார்கழி மாதம். மூன்று நாளாக விடாத மழை. “இந்த மழைதான் வேணும்,” என்றான் நிலோஜன். தேநீர்க்கடைக் காட்சியும் தெருக் காட்சியும் முதல்நாளே முடிந்துவிட்டன. ஆற்றுக் காட்சிதான் பாக்கி.

பெரியகல்லாற்றில், கரையோரம் மீன்வாடி ஒன்று இருந்தது. தகரக் கூரையும் மூன்று பக்கத் தட்டியும். அதற்குள் பலகைகள், விளக்கு, கமராப் பெட்டி எல்லாம். தோணி நிலோஜனின் பெரியப்பா சாமித்தம்பியுடையது. ஐம்பத்தெட்டு வயது மீன்காரர். தோணியைத் தந்துவிட்டு, பக்கத்துத் துறையில் எஞ்சின் போட்டைக் கட்டி வைத்து வலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

ஸுஹைனா நூறு தரம் கேட்டாள். நிலோஜன் நூறு தரமும் பொறுமையாகச் சொன்னான். தோணி கயிற்றில் கட்டியிருக்கும். கயிற்றின் மறுமுனை கரையில் அடித்த முளையில் இருக்கும். அறுபதடிக்கு மேல் தோணி போகாது. குடையில் தங்கூசி என்கிற மெல்லிய தூண்டில் நரம்பைக் கட்டி, அதன் முனையை ஸுஹைனாவே பிடித்துக்கொள்ள வேண்டும். றுஸ்தி கிட்ட வரும்போது மெதுவாக இழுத்தால் குடை விலகிப் போகும். தங்கூசி கமராவில் தெரியாது, குடை தானாக ஓடுவதுபோலிருக்கும்.

“அண்ணனுக்குக் கத்தி ஒண்டும் சொல்ல ஏலாதுதானே. அதால ஒரே ஒரு அடையாளம். சிவப்புத் துணி ஆட்டினா நிப்பாட்டு. துணி ஆட்டாத மட்டும் குடையைத் துரத்திக்கொண்டே இருக்கோணும். கமராவைப் பார்க்கப்படாது. ஒருதரம் பார்த்தாலும் படம் கெட்டுப்போயிரும். குடையை எடுத்தாப் பிறகு மட்டும் கரையைத் திரும்பிப் பாக்கிறார். குடையைத் தூக்கிக் காட்டி, ‘கிடைச்சிட்டுது’ எண்டு வாயசைக்கிறார். அப்பிடியே அசையாம அஞ்சு எண்ணுற நேரம் நிக்கிறார். பலகையை வெட்டி ஒட்ட எனக்கு அந்த நேரம் வேணும்.”

அவள் அதைக் கையால் சொன்னாள். றுஸ்தி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் காட்டினான். கடைசியில் அவள் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். “பயமா இருந்தா உடனே வந்திரோணும்.”

“எனக்கென்ன பயம்?” என்றான் கையால். அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுத் தோணியில் ஏறினான்.

[ காற்று முந்திக்கொண்டது. ]

முதல் ஐந்து நிமிடம் எல்லாம் சரியாகவே நடந்தது. நிலோஜன் பொலித்தீன் போர்த்திய கமராவுக்குப் பின்னால் குனிந்து நின்றான். றுஸ்தி துடுப்பைத் தாறுமாறாகப் போட்டான், தலையில் கைவைத்தான், குடையைக் கெஞ்சினான். பழைய படங்களில் ஆட்கள் துள்ளித் துள்ளி ஓடுவார்களே, கமராவைக் கையால் சுற்றிய காலத்து வேகம் அது. நிலோஜன் படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டி அதைக் கொண்டுவருவான். அதனால் றுஸ்தி எல்லாவற்றையும் ஒரு பங்கு மெதுவாகச் செய்யவேண்டியிருந்தது. அதையும் அழகாகச் செய்தான். நனைந்த முந்தானையைப் பல்லில் கடித்தபடி தங்கூசியை இழுத்துக்கொண்டிருந்த ஸுஹைனாவுக்குக்கூடச் சிரிப்பு வந்தது.

பிறகு தங்கூசி இறுகியது.

அவள் இழுக்கவில்லை. அதுதான் அவளை இழுத்தது. சுட்டுவிரலில் சுற்றியிருந்த இடம் வெட்டி இரத்தம் வந்தது. குடை கரைக்குக் குறுக்கே போகாமல், கிழக்கே, கடல் பக்கம் தலையைத் திருப்பியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தங்கூசி பட்டென்று அறுந்து அவள் மணிக்கட்டில் வந்து சுருண்டது.

“நிலோஜன்! குடை போகுது!”

“விடுங்க அக்கா, நல்லாப் போகுது! அழகாப் போகுது!”

அவள் தண்ணீரைப் பார்த்தாள். சற்றுமுன் சும்மா மிதந்து கிடந்த ஆற்றுவாழைச் செடிக் கூட்டங்களெல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன. மெதுவாக அல்ல, ஆள் நடக்கிற வேகத்தில். மழைச் சத்தத்துக்குக் கீழே இன்னொரு சத்தம். பாரமேற்றிய லொறிகள் தூரத்துப் பாலத்தில் நிற்காமல் போகிறதுபோல ஒரு உறுமல்.

சாமித்தம்பி வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“ஆத்துவாயை வெட்டிட்டானுகள்! நாளைக்கெண்டல்லோ சொன்னவனுகள்! ஆளைக் கூப்பிடு மனே, கெதியாக் கூப்பிடு!”

மழைக்காலத்தில் வாவி நிரம்பி வயலையும் வீட்டையும் மூடவரும்போது, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். சின்ன வாய்க்கால்தான் வெட்டுவது. தண்ணீர் அதை அரை மணித்தியாலத்தில் ஆறாக்கிவிடும். பிறகு வாவியே எழும்பிக் கடலுக்கு ஓடும். அந்த வாய்க்குள் அகப்பட்ட தோணி மீண்டதில்லை.

நிலோஜன் கமராவை விட்டுச் சிவப்புத் துணியைத் தூக்கி ஆட்டினான். றுஸ்தி திரும்பவில்லை. கமராவைப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்களே. கண் குடையிலேயே இருந்தது.

“கயிறு! கயிற்றை இழு!”

இழுத்தார்கள். கயிறு லேசாக வந்தது. நனைந்த நைலோன் கயிறு, தோணி மூக்கில் போட்ட முடிச்சு நழுவி, வெறும் முனையாகக் கரைக்கு வந்து சேர்ந்தது.

“றுஸ்தி!” என்று கத்தினாள். கேளாது என்று அவளுக்குத் தெரியாதா? ஆறு வருஷம் கூட வாழ்ந்தவள். ஆனாலும் தொண்டை கிழியக் கத்தினாள். கரையிலிருந்த மூன்று பேருடைய காதிலும் ஆற்றுவாயின் உறுமல் ஏறிக்கொண்டே வந்தது. அதற்கு நேரே போய்க்கொண்டிருந்த அந்த ஒருவனுக்கு மட்டும் உலகம் முழுதும் அமைதியாக இருந்தது. தோணி வேகமாக ஓடுவது தன் கைவல்லமை என்று நினைத்தானோ என்னவோ, இன்னும் உற்சாகமாகத் துடுப்புப் போட்டான்.

[ “கிடைச்சிட்டுது!” ]

சாமித்தம்பி எஞ்சின் போட்டுக்கு ஓடினார். எஞ்சின் கயிற்றைச் சுண்டினார். எஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை. மூன்று நாள் மழை உள்ளே இறங்கியிருந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கத்தினார்.

“பத்து நிமிசமாவது செல்லும்! அதுக்குள்ள அவர் வாயடிக்குப் போயிருவார்! கரைக்கு வரச்சொல்லாதிங்க! குறுக்கால திருப்பினா இழுவை தோணியக் கவிழ்த்துப்போடும்! அந்தா, இடப்பக்கம் கண்டல் மரம் நிக்குதே, அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கச் சொல்லுங்க! அதை விட்டா வேற பிடி இல்ல!”

ஆற்றுவாய்க்கு முன்னே குறுக்காகக் கிடந்த தெருப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தண்ணீருக்குள் ஒரு திட்டில் நாலைந்து கண்டல் மரங்கள் கிளைவிட்டு நின்றன. தோணிக்கும் அவற்றுக்கும் இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது.

எப்படிச் சொல்வது? கையால் சொன்னால் பத்துப் பதினைந்து யார் தூரம்வரைதான் விரல் தெரியும். அவனோ நூறு யார் தாண்டிவிட்டான். அதுவும் இந்த மழைப்புகாருக்குள். முதலில் அவன் திரும்பவேண்டுமே.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்புவான். கட்டாயம் திரும்புவான். குடையை எடுத்தவுடன் கரையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. அசையாமல் ஐந்து எண்ணும் நேரம் நிற்கச் சொல்லியிருக்கிறது. நடிப்பில் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் றுஸ்தி.

வாடிக்குள் ஓடினாள். வெறும் கறுப்பாய் ஒரு பலகை மிச்சமிருந்தது. போஸ்டர் கலர் போத்தலைத் திறந்து தூரிகையால் ‘ம’ போட்டாள். தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்க்க, சாரல் பட்டவுடனேயே அந்த எழுத்து உருகி, வெள்ளையாய் வழிந்து, அவள் கையில் பால்போல ஒழுகியது. தண்ணீரில் கரைகிற மை. இதை எப்படி மறந்தாள்? பலகையெல்லாம் கூரைக்குக் கீழே வைத்துப் படமெடுக்கத்தானே எழுதியது.

“யா றப்பே,” என்றாள்.

“அக்கா, இந்தாங்க!” நிலோஜன் பெட்டியிலிருந்து ஒரு உருளையை எறிந்தான். வயர்களைத் தரையோடு ஒட்டுகிற இரண்டங்குல அகல வெள்ளை டேப்.

பலகையை வாடிக்குள் இழுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, காய்ந்த பின்பக்கத்தைத் திருப்பினாள். அதற்கும் கறுப்புப் பூசியிருந்தது. டேப்பில் வளைவு வராது, நேர்கோடுதான் வரும். ‘கண்டல்’ என்று எழுதினால் க, ண, ல எல்லாம் வளைவு. முடியாது. மரம். ம, ர. மரம் பிடி. ப மூன்று கோடு, ட இரண்டு கோடு. அவள் பாலர்களுக்கு முதலில் கற்றுக்கொடுக்கிற எழுத்துகள்தான் அவை. தீக்குச்சி அடுக்கி எழுதப் பழக்குவாள்.

நிலோஜன் பல்லால் கடித்துக் கடித்து டேப்பைத் தந்தான். அவள் ஒட்டினாள். ம, வளைவெல்லாம் நேர்கோடாகி நின்றது. ர, இரண்டு கோடும் ஒரு கால். இன்னொரு ம், தலையில் ஒரு துண்டுப் புள்ளி. எழுத்துக்கு எழுத்து ஒரு சாண் இடைவெளி விட்டாள். ஒட்டி எழுதினால் தூரத்தில் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும் என்று நிலோஜன் இரண்டு கிழமையாகச் சொன்னது. கீழ் வரியில் பி. தலையில் சாய்த்து ஒரு துண்டு. விரலில் வழிந்த இரத்தம் டேப்பில் பட்டது. அதையும் சேர்த்து அழுத்தினாள்.

“எடுக்கப்போறார்!” வாசலில் நின்று எட்டிப் பார்த்த நிலோஜன் அலறினான். “குடையை எடுக்கப்போறார், அக்கா!”

டி. ஒரு கோடு, இன்னொரு கோடு, தலையில் ஒரு துண்டு. தூக்கினாள்.

வாசலில் வலை அவிக்கும் பீப்பா ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஏறினாள். ஏறும்போது காலில் பட்டுச் சரிந்த பழைய பலகை மழையில் விழுந்தது. ‘கிடைச்சிட்டுது’ என்று அவள் ஆசைஆசையாக எழுதிய எழுத்து கரைந்து மணலில் ஓடியது.

தூரத்தில் றுஸ்தி குனிந்தான். குடையின் பிடியை எட்டிப் பிடித்தான். நிமிர்ந்தான். கதையில் உள்ளபடியே கரையைத் திரும்பிப் பார்த்தான். குடையைத் தலைக்கு மேலே தூக்கினான். அவன் வாய் அசைந்தது. அந்தத் தூரத்தில் அது தெரியாது, ஆனால் அசைந்தது என்று அவளுக்குத் தெரியும்.

பலகையைத் தலைக்கு மேலே பிடித்தாள். காற்று அதைப் பாயாக்கி அவளைப் பின்னால் தள்ளியது. நிலோஜன் பீப்பாவை அணைத்துக்கொண்டு அவள் காலைப் பிடித்தான்.

ஒன்று. இரண்டு.

றுஸ்தி அசையாமல் நின்றான்.

மூன்று. ஆறுதலாக இரண்டு தரம் வாசிக்கிற நேரம். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்கும் ஒருதரம் முடியவேண்டும். நாலு.

ஐந்து. அவன் தலை கொஞ்சம் சரிந்தது. விளங்காதபோது அவன் செய்கிற சரிவு.

“வாசிங்க,” என்று அழுதாள். “வாசிங்க, வாசிங்க.”

ஆறு, ஏழு. தோணி அவனைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டேயிருந்தது. அவன் முகம் ஒரு புள்ளியாகிவிட்டது. பிறகு அந்தப் புள்ளி திரும்பியது. இடப்பக்கம். மரங்களைப் பார்த்தது. அதற்கப்பால் பாலத்துத் தூண்களில் தண்ணீர் அடித்து எழும்பும் நுரையையும் பார்த்திருக்கவேண்டும்.

குடை அவன் கையை விட்டு விழுந்தது.

[ மரம் பிடி ]

முதல் மரத்தை அவன் தவறவிட்டான். துடுப்பை இடப்பக்கம் ஊன்றி ஊன்றித் தோணியைச் சரித்துக்கொண்டு போனான். கிளைக்கும் கைக்கும் ஒரு முழம் இருக்கும்போது இழுவை தோணியைத் திருப்பிவிட்டது. இரண்டாவது மரத்தில் துடுப்புத்தான் மாட்டியது, முறிந்தது. மூன்றாவதன் கிளை தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தான். தோணி அவன் காலுக்குக் கீழிருந்து கழன்று போனது.

ஸுஹைனா பீப்பாவின் மேலேயே நின்றாள். இறங்க முடியவில்லை. பலகையைக் கீழே விட்டால் அவனும் கையை விட்டுவிடுவான் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. தலைக்கு மேலே பிடித்தபடியே ஓதிக்கொண்டிருந்தாள். தெரிந்த சூறா எல்லாம் பாதியில் மறந்து மறந்து போயின. தோளிரண்டும் பற்றி எரிந்தன. ஒரு மூலையில் டேப் கழன்று காற்றில் படபடத்தது.

எஞ்சின் இருமியது. திரும்ப இருமியது. பிடித்தது.

சாமித்தம்பி நேரே போகவில்லை. கரையோரமாக மேலே போய், நீரோட்டத்தோடு பின்புறமாக நழுவி, எஞ்சினை மேல்நோக்கி ஓடவிட்டபடியே அங்குலம் அங்குலமாக மரத்தடிக்கு இறக்கினார். ஒரு கை எஞ்சினில், மறு கையால் றுஸ்தியின் சேட் கொலரைப் பிடித்தார். றுஸ்தி கிளையை விடவில்லை. விரல்கள் இறுகிப்போயிருந்தன. சாமித்தம்பி அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்ணைப் பார்த்து, தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் விட்டான்.

கரையில் இறங்கியபோது மார்பெல்லாம் சிராய்ப்பு, பல் கிட்டித்துப்போயிருந்தது. ஸுஹைனா ஓடிப்போய் அவன் நெஞ்சில் இரண்டு அடி அடித்தாள். பிறகு கட்டிப்பிடித்தாள். அவன் அவளை விலக்கி, கையால் கேட்டான்.

“அது என்ன பலகை? கதையில இல்லையே. பிழையான பலகையத் தூக்கிட்டாய் எண்டு நினைச்சன்.”

“பிறகு?”

“உன்ர எழுத்து அவ்வளவு கோணலா நான் ஒருநாளும் பாக்கல்ல. அதாலதான் திரும்ப வாசிச்சன்.”

தோணி மறுநாள் பாலத்துத் தூணடியில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. குடை அங்கே இல்லை. கடலுக்குப் போயிருக்கும். நிலோஜன் அன்று கமராவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அண்ணே, நான்தான் கயிற்றைக் கட்டினன், நான்தான்,” என்று றுஸ்தியின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான். றுஸ்தி அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு முதுகில் தட்டினான்.

அன்றே பொழுதுபடுமுன் ஏறாவூருக்கு வெளிக்கிட்டார்கள். வழியில் அந்தப் பாலம். றுஸ்தி ஓட்டோவை நிறுத்தச் சொன்னான். வேண்டாமென்றாள் ஸுஹைனா. அவன் கேட்கவில்லை, இறங்கிவிட்டான்.

பாலத்தின் கைபிடிச் சுவரருகே போய்க் கீழே பார்த்தான். மண்ணிறத் தண்ணீர் தூணில் மோதி ஆளுயரம் எழும்பியது. பார்வைக்கு அது பெரிதுதான். ஆனாலும் அவன் முகம் மாறவில்லை. பிறகு இரண்டு கையையும் சுவர்மேலிருந்த இரும்புக் குழாயில் ஊன்றினான்.

ஸுஹைனா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் ஒருதரம் துள்ளியது. கையை எடுத்தான். உள்ளங்கையைப் பார்த்தான். திரும்பவும் வைத்தான். குழாய் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வு அவன் கைவழியே ஏறித் தோளுக்குப் போவதை அவள் பார்த்தாள்.

திரும்பியபோது அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

“இது சத்தமா?” என்று கையால் கேட்டான்.

“ஓம்.”

“எப்பிடிச் சத்தம்?”

அவள் இரண்டு கையையும் அகல விரித்தாள். “பெரிசு,” என்றாள்.

“நான் தோணியில இருக்கக்குள்ளயும் கேட்டதா?”

“தொடக்கத்திலிருந்தே.”

நடைபாதையிலேயே, மழையில், சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். உடம்பு முழுதும் உதறத் தொடங்கியது. ஆற்றில் வராத பயம் இப்போது வந்திருந்தது. ஸுஹைனா பக்கத்தில் உட்கார்ந்து அவன் இரண்டு கையையும் தன் மடிக்குள் இழுத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் ஏதோ சொல்லக் கையை உருவப் பார்த்தான். அவள் விடவில்லை.